ராத்திரி பஸ்ஸில் ஒரு தலைப்புச் சண்டை

கல்லூரி விடுமுறைக்கு ஊர் திரும்பும் இரண்டு தோழிகள், இறுதியாண்டு புராஜெக்டுக்கு எந்தத் தலைப்பை எடுப்பது என்று பேருந்தில் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். சிறுகதைக்கு இது போதுமான சரக்கு. கொலை இல்லை, காதல் இல்லை, பேருந்து கவிழ்வதும் இல்லை. இப்படி ஒரு கதையை எழுத உட்காரும் பலர் முதலில் செய்வது, தலைப்பைச் சாக்காக வைத்துக்கொண்டு நட்பைப் பற்றி எழுதப் போவதுதான். தலைப்பு என்னவாக இருந்தாலும் சரி, சண்டைதான் முக்கியம் என்ற எண்ணத்தில் அப்படிச் செய்கிறார்கள். அங்கேயே கதை நீர்த்துப்போகிறது. இரண்டு பேரும் எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்பது உண்மையாக இல்லாவிட்டால், அவர்கள் போடும் சண்டையும் உண்மையாக இருக்காது.

இந்த வகைக் கதையில் எழுதுபவருக்கு உழைக்காமலே கிடைக்கும் வசதி பேருந்துதான். சிறுகதை ஒரே மூச்சில், அதாவது அரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள், படித்து முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று எட்கர் ஆலன் போ 1842இல் ஹாதார்னின் கதைத் தொகுப்புக்கு எழுதிய மதிப்புரையில் சொன்னார். ஒரே இடம், ஒரே பொழுது, ஒரே விளைவு என்ற அளவுக்குள் கதையை அடக்குவது கடினம். பேருந்து அதைத் தானாகச் செய்துவிடுகிறது. சண்டை போட்டவர் எழுந்து வெளியே போக முடியாது. பக்கத்து இருக்கையில் முன்பின் தெரியாதவர் உட்கார்ந்திருப்பதால் குரலை ஓரளவுக்கு மேல் உயர்த்தவும் முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இறங்கும் இடம் ஒன்று இருக்கிறது. அது நெருங்கிக்கொண்டே வருகிறது என்று வாசகருக்கும் தெரியும்.

ஹெமிங்வே 1927இல் வெளியிட்ட ‘வெள்ளை யானைகளைப் போன்ற குன்றுகள்’ என்ற கதை இந்த நெருக்கடியை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதற்கு நல்ல சான்று. ஸ்பெயினின் எப்ரோ பள்ளத்தாக்கில் ஒரு ரயில் நிலையம். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் காத்திருக்கிறார்கள். பார்சிலோனாவிலிருந்து வரும் ரயிலுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது. அவர்கள் வாதாடுவது கருக்கலைப்பைப் பற்றி. ஆனால் அந்தச் சொல் கதையில் ஓரிடத்திலும் வருவதில்லை. நாற்பது நிமிடம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டதால் ஒவ்வொரு வரியும் அந்தக் கணக்கிலிருந்து கழிகிறது. தமிழில் பயணத்தைக் களமாகக் கொண்ட கதைகளில் தி. ஜானகிராமனின் ‘சிலிர்ப்பு’ பலருக்கு நினைவுக்கு வரும். அதன் பெரும்பகுதி ரயில் பெட்டியில் நடக்கிறது. அங்கே சந்திப்பவர்கள் முன்பின் அறியாதவர்கள், இனி சந்திக்கப் போகாதவர்கள். தோழிகளின் கதையில் நிலைமை நேர்மாறு. பேருந்திலிருந்து இறங்கினாலும் திங்கட்கிழமை வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும். பிரிவு என்ற உணர்ச்சியைக் கொண்டு இந்தக் கதையை முடிக்க முடியாது என்பதை எழுதுபவர் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு கதையையே எடுத்துக்கொண்டு இதை முழுவதுமாகப் பார்க்கலாம். சென்னை கிளாம்பாக்கத்திலிருந்து திருநெல்வேலி செல்லும் அரசு விரைவுப் பேருந்து. இரவு ஏழு மணிக்குப் புறப்பட்டால் விடியும் நேரத்தில் ஊர் போய்ச் சேரும். தூரம் ஏறக்குறைய 600 கிலோமீட்டர். செல்வி, கோமதி என்ற இருவரும் சென்னைப் புறநகரில் பொறியியல் படிப்பவர்கள், விடுதியில் ஒரே அறை. செல்வி கோவில்பட்டியில் இறங்க வேண்டும். கோமதிக்கு அங்கிருந்து இன்னும் ஒரு மணி நேரம், திருநெல்வேலி வரை. இருவரையும் ஒரே ஊர்க்காரர்களாக வைக்காமல் ஒருத்தியை முன்னால் இறங்க வைப்பது சின்ன ஏற்பாடுதான். ஆனால் கதையின் முடிவு அதில்தான் இருக்கிறது: ஒருத்தி பேச்சை முடிக்காமல் இறங்கிப்போவாள், மற்றவள் அதோடு ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருப்பாள்.

தலைப்பைத் திங்கட்கிழமை காலைக்குள் கூகுள் படிவத்தில் நிரப்பி அனுப்ப வேண்டும் என்று கைடு வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் ஜீரோத் ரிவ்யூ. இதுதான் கெடு. ஒரு குழுவுக்கு ஒரு தலைப்பு என்பதால் இரண்டையும் அனுப்பிப் பார்ப்போம் என்ற வழியும் அடைபட்டிருக்கிறது. சண்டைக்கதைக்கு இந்த அடைப்பு தேவை. ‘நீ உன்னுடையதைச் செய், நான் என்னுடையதைச் செய்கிறேன்’ என்று ஒரு கதாபாத்திரம் சொல்லிவிட முடியுமானால் வாசகர் இரண்டாவது பக்கத்திலேயே அதைச் சொல்லிவிடுவார்.

இனித் தலைப்புகள். செல்வி சொல்வது, இலையைக் கைப்பேசியில் படம் எடுத்தால் பயிர் நோயைக் கண்டுபிடிக்கும் செயலி. கோமதி சொல்வது, ஊர்க் குளத்தின் நீர்மட்டத்தை அளந்து கைப்பேசிக்கு அனுப்பும் கருவி. இரண்டுமே கல்லூரிகளில் ஆண்டுதோறும் யாராவது எடுப்பவை. இரண்டிலும் நல்லது இருக்கிறது, இரண்டிலும் ஒரு பொத்தல் இருக்கிறது. எழுதுபவர் அந்தப் பொத்தல்களைத் தேடித் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். ஏனென்றால் தோழிகள் ஒருவரையொருவர் அடிக்கப் போவது அந்த இடத்தில்தான்.

செல்வியின் தலைப்புக்கு ஆதாரம் பிளான்ட்வில்லேஜ் என்ற படத் தொகுப்பு. இலவசமாகக் கிடைக்கும் அதில் 54,000க்கும் மேற்பட்ட இலைப் படங்கள், 14 வகைப் பயிர்கள். கணினிக்கு அவற்றைக் காட்டிப் பழக்கினால், அதே தொகுப்பிலிருந்து ஒதுக்கி வைத்த படங்களை 99 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொல்கிறது என்று 2016இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ரிவ்யூவில் அந்த எண்ணைத் திரையில் போட்டால் போதும், யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள் என்பது செல்வியின் கணக்கு. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்லியிருந்தது. வேறு சூழலில் எடுத்த படங்களைக் காட்டியபோது சரியான விடை 31 சதவீதமாகச் சரிந்தது. தொகுப்பில் உள்ள இலைகள் பறித்து, ஒரே நிறப் பின்னணியில் வைத்து எடுக்கப்பட்டவை. வயலில் இலை மேல் இலை கிடக்கும், நிழல் விழும், மண் ஒட்டியிருக்கும்.

இதைவிடக் கூர்மையான குறை ஒன்று இருக்கிறது, அது கதைக்கு இன்னும் பொருத்தம். அந்த 14 பயிர்களில் ஆப்பிள், திராட்சை, உருளைக்கிழங்கு, தக்காளி எல்லாம் உண்டு. பருத்தி இல்லை, உளுந்து இல்லை, நெல்கூட இல்லை. கோவில்பட்டி கரிசல்காட்டுக்காரியின் வீட்டு வயலில் விளைவது எதுவும் அநேகமாக அதில் கிடையாது. இதைக் கோமதி பிடித்துக்கொள்கிறாள்.

“அம்பத்தி நாலாயிரம் படம் சும்மா கிடக்குடி. நாம ஒண்ணுகூட எடுக்க வேண்டாம்.”

“ஏட்டி, அதுல பருத்தி இருக்கா?”

“மக்காச்சோளம் இருக்கு.”

“பருத்தி இருக்கான்னு கேட்டேன். உங்கப்பா வெதைக்கிற உளுந்து இருக்கா?”

“எங்கப்பா எதுக்கு இப்போ?”

இந்த ஐந்து வரிகளில் நடப்பதைக் கவனிக்க வேண்டும். தகவல் பரிமாறப்படுகிறது, ஆனால் யாரும் பாடம் நடத்தவில்லை. செல்வி ‘மக்காச்சோளம்’ என்று சொல்வது பொய்யில்லை, அது தொகுப்பில் இருக்கிறது. கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பதுதான் விஷயம். கடைசி வரியில் பேச்சு புராஜெக்டை விட்டு வேறிடத்துக்கு நகர்ந்துவிட்டது. தெரிந்தவர்களின் சண்டை பெரும்பாலும் இப்படித்தான் நகர்கிறது. ஒருவர் உண்மையான குறையைத்தான் சொல்கிறார், ஆனால் மற்றவரின் வீட்டு வாசல் வழியாகச் சொல்கிறார்.

கோமதியின் தலைப்பும் தப்பிக்கக் கூடாது. ஒரு தலைப்பு சிறந்தது, இன்னொன்று மட்டம் என்று எழுதினால் அது சண்டை ஆகாது, தீர்ப்பாகிவிடும். குளத்து மதகுக்கு மேலே ஓர் அல்ட்ராசோனிக் சென்சாரைக் கட்டித் தொங்கவிட்டால், அது கீழ்நோக்கி ஒலியை அனுப்பும். ஒலி நீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடலாம். சென்னை ரிச்சி தெருவில் இந்தச் சென்சார் மலிவாகக் கிடைக்கும், நான்கு மீட்டர் வரை அளக்கும். மாணவர்கள் எழுதும் நிரலில் ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர் என்று நிலையாகப் போட்டுவிடுவது வழக்கம். அது 20 டிகிரி வெப்பத்துக்கான வேகம். ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் வேகம் சுமார் 0.6 மீட்டர் கூடுகிறது. திருநெல்வேலியில் உச்சி வெயிலில் 38 டிகிரி என்றால் வேகம் கிட்டத்தட்ட 354 மீட்டர். ஒலி சீக்கிரம் திரும்பிவிடுவதால் கருவி ஏமாந்து, நீர் இன்னும் கிட்டத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். மூன்று மீட்டர் ஆழத்தில் நீர் இருந்தால் பிழை சுமார் 9 சென்டிமீட்டர்.

ஒன்பது சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். குளத்தின் நீர்ப்பரப்பு 40 ஹெக்டேர் என்றால் அந்த உயரத்துக்கு 3.6 கோடி லிட்டர் தண்ணீர். 12,000 லிட்டர் லாரியில் அள்ளினால் மூவாயிரம் நடை. இல்லாத தண்ணீரை இருப்பதாகக் காட்டும் கருவி அது. கதையில் இந்தக் கணக்கு முழுவதும் வரத் தேவையில்லை, வரவும் கூடாது. செல்வி சொல்வது ஒரே வரிதான்:

“வெயில் ஏறுனா சத்தத்தோட வேகமும் ஏறும். மழையே இல்லாம மத்தியானத்துல உன் குளம் நெறையும் பாரு.”

முன்னிருக்கையில் இருப்பவர் இதைக் கேட்டுச் சிரிக்கிறார். கோமதிக்கு அதுதான் பொறுக்கவில்லை. முதலாண்டு இயற்பியலில் படித்ததை வைத்துச் செல்வி அடித்த அடி சரியான அடி என்று அவளுக்கு அந்த நிமிடம் தெரியாது. வாசகருக்கும் தெரியாது, கிண்டல் என்றே படும். இந்த வரி கதையின் கடைசியில் திரும்பி வந்து வேலை செய்யப்போகிறது. அதனால் அதைச் சிரிப்புக்குள் மறைத்து வைப்பது உதவும்.

சண்டைக்கு அடியில் இன்னொரு சண்டை இருக்க வேண்டும் என்று எழுத்துப் பட்டறைகளில் சொல்வார்கள். சொல்வது சரி. ஆனால் புதிதாக எழுதுபவர்கள் அதற்காகப் பழைய துரோகம், காதல் போட்டி, குடும்பப் பகை என்று பெரிய பெட்டிகளை இறக்கிவிடுகிறார்கள். புராஜெக்டுக்குள்ளேயே அது கிடைக்கும். மூன்றாம் ஆண்டில் இருவரும் சேர்ந்து ஒரு மினி புராஜெக்ட் செய்தார்கள். அறிக்கை முழுவதையும் எழுதி, படங்களை ஒட்டி, பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டது கோமதி. ரிவ்யூவில் எழுந்து நின்று பேசியது செல்வி. தேர்வாளர் செல்வியைப் பாராட்டினார். இருவருக்கும் ஒரே மதிப்பெண்தான். அதனால் முறையிடவும் வழியில்லை. செல்வியின் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது. கல்விக் கடன் வாங்கிப் படிப்பவள் அவள். வேலைக்கான நேர்காணலில் குளத்து நீர்மட்டத்தைவிடச் செயற்கை நுண்ணறிவு என்று சொன்னால் எடுபடும் என்று நம்புகிறாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதைக் குறுக்குவழி என்று கோமதி நினைப்பதிலும் நியாயம் இருக்கிறது.

இவற்றை விளக்கமாக எழுதிவிட்டால் கதை கட்டுரையாகிவிடும். ஒன்றைப் பேச்சில் கசியவிட்டால் போதும். செல்வி, “படம் எல்லாம் ரெடியா இருக்கு, நாம பேசறதுக்குத் தயார் பண்ணா போதும்” என்கிறாள். கோமதி, “நாம இல்ல, நீ” என்கிறாள். அவ்வளவுதான். மினி புராஜெக்ட் பற்றிய ஒரு வரி இதற்கு முன்பே எங்காவது வந்திருந்தால் வாசகர் இரண்டையும் சேர்த்துக்கொள்வார்.

இனி நேரத்தைப் பிரிக்க வேண்டும். பத்து மணி நேரப் பயணம், கதை சுமார் 2,000 சொற்கள். மணிக்கு 200 சொல் என்று சமமாகப் பங்கு போட்டால் வாசகர் திருச்சிக்கு முன்னால் தூங்கிவிடுவார். செங்கல்பட்டு தாண்டும் வரை சண்டை தொடங்கக் கூடாது. அதுவரை இருவரும் சாதாரணமாகப் பேசுகிறார்கள். ஜன்னலோரம் யார் என்ற வழக்கமான தகராறு, சார்ஜர் வேலை செய்யவில்லை என்ற முணுமுணுப்பு, இவற்றுக்கு 200 சொல்லுக்கு மேல் கொடுப்பது வீண். கைடின் வாட்ஸ்அப் செய்தி வந்ததும் சண்டை தொடங்குகிறது. திண்டிவனம் வரை அது புராஜெக்டைப் பற்றியதாகவே இருக்கிறது. இங்கே 700 சொல் போகலாம். விக்கிரவாண்டி பக்கத்துச் சாலையோர உணவகத்தில் பேருந்து நிற்கும் கால் மணி நேரத்துக்கு 500 சொல். திருச்சி, துவரங்குறிச்சி, மேலூர் எல்லாம் சேர்த்து ஒரே பத்தி. மதுரையிலிருந்து கோவில்பட்டி வரை 400. மிச்சம் இருப்பது முடிவுக்கு.

உணவகத்துக்கு இவ்வளவு இடம் ஏன் என்றால், பயணத்தில் அவர்கள் நேருக்கு நேர் பார்த்துக்கொள்வது அங்கே மட்டும்தான். பேருந்து இருக்கையில் இருவரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். முகத்தைப் பார்க்காமல் பேசும்போது மனிதர்கள் கடுமையாகப் பேசிவிடுகிறார்கள். கீழே இறங்கி, ட்யூப்லைட் வெளிச்சத்தில் எதிரெதிரே நிற்கும்போது அந்தக் கடுமை வெட்கமாக மாறுகிறது அல்லது இறுகிப்போகிறது. இந்தக் கதையில் அது இறுகுகிறது. கோமதி கேட்காமலே இரண்டு டீ வாங்குகிறாள். செல்வி தன் டீயைத் தொடவில்லை. கைப்பேசியில் பிளான்ட்வில்லேஜ் பயிர்ப் பட்டியலை முதல்முறையாக முழுவதும் படிக்கிறாள். பருத்தி இல்லை. அவள் அதைச் சொல்லவில்லை. கண்டக்டர் விசில் அடிக்கிறார். டீயில் ஆடை படிந்துவிட்டது.

அரசுப் பேருந்தைத் தேர்ந்ததில் இன்னொரு லாபம், கண்டக்டர். அவர் யாருக்கும் அறிவுரை சொல்லக் கூடாது. அனுபவசாலியான முதியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து இருவரையும் சமாதானப்படுத்தும் காட்சி இவ்வகைக் கதைகளில் அடிக்கடி வருகிறது. அந்த முதியவரை எந்தப் பேருந்திலும் ஏற்றாமல் இருப்பது கதைக்கு நல்லது. கண்டக்டரின் வேலை டிக்கெட், விசில், நிறுத்தத்தின் பெயரைச் சொல்வது, சில்லறை. அவர் ஒவ்வொரு முறை பேசும்போதும் சண்டை அரைகுறையாக வெட்டுப்படுகிறது. வெட்டுப்பட்ட இடத்திலிருந்து அது அதே வரியில் மீண்டும் தொடங்குவதில்லை, கொஞ்சம் தள்ளித் தொடங்குகிறது. ‘என்ன சொல்லிட்டிருந்தேன்’ என்று யாரும் கேட்பதில்லை.

உணவகத்துக்குப் பிறகு விளக்கை அணைத்துவிடுவார்கள். நீல நிற இரவு விளக்கு மட்டும் எரியும். இனிமேல் பேசினால் அடுத்தவர் ‘ஸ்’ என்பார். எனவே இந்தப் பகுதியில் உரையாடல் இல்லாமல்தான் கதை நகர வேண்டும். இங்கேதான் இந்த வகைக் கதைகள் பெரும்பாலும் தடுமாறுகின்றன. பேச இடமில்லாததால் எழுதுபவர் கதாபாத்திரத்தின் மனத்துக்குள் புகுந்து, பழைய நாட்களை நினைத்துப் பார்க்கச் செய்கிறார். முதல் நாள் விடுதியில் சந்தித்தது, சேர்ந்து அழுதது, பகிர்ந்து தின்ற முறுக்கு எல்லாம் வரிசையாக வருகின்றன. கதை நிற்கிறது, பேருந்து மட்டும் ஓடுகிறது. அதற்குப் பதிலாக அவர்களைச் செயலில் வைத்திருக்கலாம். கோமதிக்குத் தூக்கம் வரவில்லை. மழையே இல்லாமல் குளம் நிறையும் என்ற கிண்டல் அரிக்கிறது. கைப்பேசியில் கால்குலேட்டரைத் திறக்கிறாள். 343ஐப் போட்டுப் பார்க்கிறாள், 354ஐப் போட்டுப் பார்க்கிறாள். விடை வருகிறது. திரும்பச் செய்கிறாள், அதே விடை. பேருந்து மேலூர் தாண்டும்போது அவளுக்குத் தெரிந்துவிடுகிறது, செல்வி சொன்னது சரி.

இப்போது இருவரிடமும் ஒவ்வோர் இரகசியம் இருக்கிறது. செல்விக்குத் தன் தலைப்பின் குறை தெரியும். கோமதிக்குத் தன் தலைப்பின் குறை தெரியும். எதிராளி சொன்னது சரி என்று இருவருக்கும் தெரியும். ஒருவருக்குத் தெரிந்துவிட்டது என்பது மற்றவருக்குத் தெரியாது. வாசகருக்கு இரண்டும் தெரியும். அதனால் கதையை யார் கண் வழியாகச் சொல்வது என்ற கேள்வி இங்கே முக்கியமாகிறது. கோமதியின் பார்வையில் மட்டும் சொன்னால் செல்வி கைப்பேசியில் என்ன படித்தாள் என்பது தெரியாமல் போகும். செல்வி படிப்பதைக் கோமதி பக்கவாட்டில் பார்க்கிறாள், ஆனால் எதை என்று அவளுக்குத் தெரியவில்லை, திரையில் பச்சை இலைகள் மட்டும் தெரிந்தன என்று எழுதினால் இது சரியாகிவிடும். வாசகர் ஊகித்துக்கொள்வார். இருவரின் மனத்துக்குள்ளும் மாறி மாறிப் போவது எளிது. ஆனால் இவ்வளவு சின்னக் கதையில் அது வாசகரை நடுவர் நாற்காலியில் உட்கார வைத்துவிடும்.

பேச்சுமொழியைப் பற்றி ஒரு வார்த்தை. கோமதி ‘ஏட்டி’ என்பாள், செல்வி ‘டி’ என்பாள். சென்னையில் மூன்று ஆண்டு இருந்ததில் இருவரின் பேச்சும் கொஞ்சம் பொதுவாகியிருக்கும். ஆனால் ஊர் நெருங்க நெருங்கவும் கோபம் ஏற ஏறவும் சொந்த வட்டாரம் தலைகாட்டும். செங்கல்பட்டில் ‘என்னடி சொல்றே’ என்று பேசுபவள் மதுரை தாண்டியதும் அப்படியே பேசினால், எழுதியவர் அந்தப் பேருந்தில் போனதில்லை என்று தெரிந்துவிடும். அதற்காக ஒவ்வொரு சொல்லையும் வட்டார உச்சரிப்பில் வளைத்து எழுதினாலும் படிக்க முடியாது. ஒரு வரிக்கு ஒரு சொல் போதும். புராஜெக்ட், கைடு, ரிவ்யூ, டேட்டா போன்றவற்றை மாணவர்கள் சொல்வதுபோலவே விட்டுவிட வேண்டும். ‘செயல்திட்ட வழிகாட்டி’ என்று இந்த இருவரில் ஒருத்தி சொன்னால் அடுத்த வரியை யாரும் நம்ப மாட்டார்கள்.

முடிவுக்கு வரும்போது மூன்று வழிகள் கண்ணில் படும். ஒன்று, சமரசத் தலைப்பு: குளக்கரையில் கேமரா வைத்து நீரையும் பயிரையும் சேர்த்துப் பார்ப்பது. இது கல்லூரியில் நடக்கக்கூடியதுதான், ஆனால் கதையில் நடந்தால் இத்தனை நேரம் போட்ட சண்டை எதற்கு என்று ஆகிவிடும். இரண்டாவது, கைடே வேறொரு தலைப்பைக் கொடுத்துவிடுவது. கதைக்கு வெளியிலிருந்து வந்து கதையை முடிக்கும் இந்த வழி சோம்பேறித்தனம். மூன்றாவது, ஒருத்தி விட்டுக்கொடுப்பது. இதைத்தான் எடுக்க வேண்டும். ஆனால் தவறான நேரத்தில், தவறான காரணத்துக்காக விட்டுக்கொடுக்க வேண்டும்.

விடிவதற்கு முன் பேருந்து கோவில்பட்டிக்குள் நுழைகிறது. செல்வி பையை மேல் தட்டிலிருந்து எடுக்கிறாள். “உன் குளத்தையே போட்டுக்கடி” என்கிறாள். குரலில் தோற்றவளின் சலிப்பு. பருத்தி இல்லை என்ற உண்மையை அவள் ஒத்துக்கொள்ளவில்லை, சண்டை அலுத்துப்போனதாகக் காட்டிக்கொள்கிறாள். கோமதி எதிர்பார்த்த வெற்றி கைக்கு வந்துவிட்டது. ஆனால் இப்போது அவளால் அதை வைத்துக்கொள்ள முடியவில்லை. ஒன்பது சென்டிமீட்டரைச் சொல்லியாக வேண்டும். “செல்வி, நீ சொன்ன அந்த வெயில்...” என்று தொடங்குகிறாள். கண்டக்டர் விசில் அடிக்கிறார். செல்வி ஏற்கெனவே படியில் இருக்கிறாள்.

இதற்குப் பிறகு திருநெல்வேலி வரை ஐம்பத்து சொச்சம் கிலோமீட்டர் மிச்சம் இருக்கிறது. எழுதுபவருக்கு இது ஆபத்தான தூரம். கயத்தாறில் பனி விலகுவது, கிழக்கு வெளுப்பது, கோமதியின் கண் கலங்குவது என்று பக்கம் நிறைந்துவிடும். ஒரு பத்திக்கு மேல் எழுதக் கூடாது. கோமதி கூகுள் படிவத்தைத் திறக்கிறாள். தலைப்புக்கான கட்டத்தில் ‘குளத்து நீர்மட்டம் அளக்கும் கருவி’ என்று முதலில் எழுதுகிறாள். அதை அழித்துவிட்டு, ‘வெப்பநிலைத் திருத்தத்துடன் குளத்து நீர்மட்டம் அளக்கும் கருவி’ என்று எழுதுகிறாள். உண்மையில் தீர்வும் அதுதான். மலிவான வெப்பநிலை சென்சார் ஒன்றைச் சேர்த்து, ஒலியின் வேகத்தை அவ்வப்போது மாற்றிக்கொள்ளும்படி நிரலில் இரண்டு வரி எழுதினால் பிழை பெருமளவு போய்விடும். குழு உறுப்பினர் என்ற இடத்தில் செல்வியின் பதிவெண்ணை முதலில் போடுகிறாள். மன்னிப்பு என்றோ நட்பு என்றோ ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. செல்வி திங்கட்கிழமை அந்தத் தலைப்பைப் படித்தால் புரிந்துகொள்வாள். படிக்காமலும் போகலாம்.

எழுதி முடித்த பிறகு திருத்தும்போது முதலில் வெட்ட வேண்டியது கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தின் கூட்டத்தை வருணிக்கும் தொடக்கப் பத்தி. எல்லோரும் அதை எழுதுவார்கள், எந்தக் கதைக்கும் அது பொருந்தும். கைடின் செய்தியிலேயே கதையைத் தொடங்கி, பேருந்து ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அடுத்து நேரக்கணக்கைச் சரிபார்க்க வேண்டும். இரவு ஏழுக்குக் கிளம்பிய பேருந்து ஒன்பதரைக்குள் திருச்சியில் நின்றால் அந்த வழியில் போனவர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள். கடைசியாக, உரையாடல்களை மட்டும் இன்னொருவரிடம் கொடுத்து, யார் எதைச் சொன்னார்கள் என்ற குறிப்பு இல்லாமல் வாய்விட்டுப் படிக்கச் சொல்லலாம். எந்த வரி செல்வியுடையது, எது கோமதியுடையது என்று கேட்பவர் குழம்பும் இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். அங்கெல்லாம் பேசுவது தோழிகள் இல்லை, எழுதியவர்.